புதுப்பிப்பு: வேலூர் வீட்டில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மின்விசிறி, போட்ட பணம் திரும்பும் காலம்

மார்ச்சில் நான் கேட்டது: "ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு பிஎல்டிசி போட்டால் பணம் எப்போது திரும்பும்?"

கூடத்து மின்விசிறியை மட்டும் மாற்றினேன். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்ததில், முழு வேகத்தில் பழையது 75 வாட், புதியது 30 வாட். நாளுக்கு 16 மணி நேரம் ஓடுவதால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் மிச்சமாகிறது.

காட்பாடி எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னதுதான் முக்கியமானது: மிச்சமாகும் யூனிட் பில்லின் உச்ச விலைப் படியிலிருந்தே கழியும் என்பதால், சராசரி விலையால் பெருக்கக் கூடாது. கோடையில் எங்கள் பில் 590 யூனிட். அந்தப் படியில் யூனிட் 8 ரூபாய்க்கு மேல். ஆக ஒரு பில்லுக்குச் சுமார் 345 ரூபாய். விலையும் கூலியுமான 3,100 ரூபாய் ஒன்பது பில்லில், அதாவது ஒன்றரை ஆண்டில் திரும்பும். மார்கழி, தை மாதங்களில் ஃபேன் குறைவாக ஓடுவதால் இன்னும் சில மாதங்கள் கூடும்.

"எந்த வேகத்திலும் பாதிக்குப் பாதி மிச்சம்" என்ற பக்கத்து வீட்டு அக்காவின் கணக்கு முழு வேகத்துக்குச் சரி; எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மெதுவாக ஓடும் பழைய ஃபேனே குறைவாகத்தான் இழுக்கும். சத்துவாச்சாரி நண்பர் இன்வெர்ட்டர் கூடுதல் நேரம் தாங்குவதாக எழுதினார். அது உண்மை, ஆனால் என் கேள்வி அதுவல்ல. நாளுக்கு 4 மணி நேரமே ஓடும் மாடி அறைக்கு ஆறு ஆண்டாகும். அதற்குள் புது ஃபேனின் உள்ளிருக்கும் எலக்ட்ரானிக் பலகை பழுதானால் கணக்கு என்னவாகும் என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடில்லை.