பழைய மடிக்கணினிக்கு ஹாட்ஸ்பாட் தெரியவில்லை: 2.4 கிகாஹெர்ட்ஸில் நிறுத்த வழி உண்டா?

தஞ்சாவூரில் நான் குடியிருக்கும் மாடி அறையில் கைபேசி சிக்னல் மிகக் குறைவு என்பதால், வீட்டு உரிமையாளரின் வைஃபையில் கைபேசியை இணைத்து, அதையே ஹாட்ஸ்பாட்டாக மடிக்கணினிக்குப் பகிர முயல்கிறேன். கைபேசி ஆண்ட்ராய்டு 13; மடிக்கணினி 2013இல் வாங்கியது, விண்டோஸ் 10. பத்து நாட்களாக ஹாட்ஸ்பாட்டின் பெயர் மடிக்கணினியின் பட்டியலில் வரவேயில்லை. பக்கத்து வீடுகளின் பெயர்கள் மட்டும் வருகின்றன.

கட்டளைச் சாளரத்தில் இதை இட்டுப் பார்த்தேன்:

```
netsh wlan show drivers
```

`Radio types supported` வரியில் `802.11b 802.11g 802.11n` மட்டுமே இருந்தன. 5 கிகாஹெர்ட்ஸுக்குரிய `802.11a`, `802.11ac` இரண்டும் இல்லாததால், இந்த அட்டை 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும் என்று புரிந்துகொண்டேன்.

எனவே கைபேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் `Extend compatibility` என்பதை இயக்கி, ஹாட்ஸ்பாட்டை அணைத்து மீண்டும் போட்டேன். கைபேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பகிரும்போது பெயர் உடனே தெரிந்தது, இணைப்பும் கிடைத்தது. வைஃபையில் இணைந்தபடி பகிர்ந்தால் மறுபடியும் மறைந்துவிடுகிறது. அப்போது தம்பியின் கைபேசியில் பார்த்தால் ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸ் என்றே காட்டுகிறது. உரிமையாளரின் ரௌட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருக்கிறது, அதை மாற்றும் உரிமை எனக்கில்லை. இரண்டுக்கும் ஒரே ரேடியோ என்பதால் கைபேசி ரௌட்டரின் அலைவரிசையையே பின்பற்றுகிறது என்பது என் ஊகம்.

கைபேசி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைந்திருக்கும்போதே ஹாட்ஸ்பாட்டை 2.4இல் நிறுத்தி வைக்க முடியுமா, அல்லது யூஎஸ்பி கேபிள் வழியே பகிர்வதுதான் ஒரே வழியா?