மும்பைக்குப் புதிது: அழைப்பில் பேசி இரண்டு வாரமாயிற்று, வாடிக்கையாளரிடமிருந்து பதில் இல்லை

செம்பூர் புதுவரவு:
திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. தனியாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். லோயர் பரேலில் உள்ள ஓர் உணவுப்பொருள் நிறுவனத்துடன் கூகுள் மீட்டில் நாற்பது நிமிடம் பேசினேன். மாதிரிகள் பிடித்திருப்பதாகவும் விரைவில் சொல்வதாகவும் கூறினார்கள். இரண்டு வாரமாக மௌனம். ஐந்தாம் தேதி வாடகை கொடுக்க வேண்டும். மறுபடி எழுதினால் கெஞ்சுவதாகத் தோன்றுமோ என்று தயங்குகிறேன். எழுதினால் என்ன எழுதுவது?

மாட்டுங்கா பழையவர்:
முதலில் வாடகையைக் குறைக்கப் பாருங்கள், அம்மா. நான் 1994-இல் வந்தபோது நான்கு பேர் ஓர் அறையில் முறைவைத்துத் தூங்கினோம். மின்னஞ்சலை நம்பாமல் நேரே அந்த அலுவலகத்துக்குப் போய் வரவேற்பில் உட்காருங்கள். முகத்தைப் பார்த்தால்தான் வேலை நடக்கும்.

முலுண்ட் வடிவமைப்பாளர்:
ஐயா, இப்போது பெயர் பதிவில்லாமல் மின்தூக்கி வரைகூடப் போக முடியாது. மூன்று நாளுக்கு ஒருமுறை வாட்ஸாப்பில் நினைவூட்டுங்கள். இருபது விழுக்காடு தள்ளுபடி தருவதாகவும் சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் முதல் வேலை கிடைத்தது.

கொள்முதல் மேசைக்காரி:
வெளியாட்களுக்கு வேலை கொடுக்கும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவள் என்பதால் கேட்கிறேன். அழைப்புக்குப் பிறகு எழுத்தில் ஏதாவது அனுப்பினீர்களா? பேசியவர் முடிவெடுக்கக் கூடியவரா? அவர்களுக்கு வேலை எப்போது தேவை?

செம்பூர் புதுவரவு:
எழுத்தில் எதுவும் அனுப்பவில்லை, அக்கா. சொல்லுக்கு இரண்டரை ரூபாய் என்று வாயால் சொன்னேன். ஏறக்குறைய 12,000 சொல் என்றார்கள். பேசியவர் சந்தைப்படுத்தல் பிரிவு அம்மையாரும் அவருடைய உதவியாளரும். மேலே கேட்க வேண்டும் என்றார்கள். தீபாவளிப் பொதிகளுக்கான உறைகளும் சமையற்குறிப்புப் பக்கங்களும்தான் வேலை. இடையில் கணபதி விழாவும் வந்துவிட்டது.

தானே தனிமரம்:
இங்கே ‘தேக்தே ஹைன்’ என்றால் இல்லை என்று பொருள். நம் ஊர் ‘பார்ப்போம்’ போலத்தான். என்னிடம் ஒருவர் இலவச மாதிரியாக 1,500 சொல் வாங்கிக்கொண்டு காணாமல் போனார்.

முலுண்ட் வடிவமைப்பாளர்:
எனக்கு அப்படி மூன்று பேர். இந்த ஊரில் மறுப்பைக்கூட நேராகச் சொல்ல மாட்டார்கள்.

கொள்முதல் மேசைக்காரி:
புலம்பல் இருக்கட்டும். விழா நாட்களைக் கழித்தால் இவருக்கு உண்மையில் ஏழெட்டு வேலைநாள் மௌனம்தான். அதைவிட முக்கியம், மேலதிகாரியிடம் காட்ட அந்த அம்மையார் கையில் ஒரு தாள்கூட இல்லை. உங்கள் நாற்பது நிமிடப் பேச்சை அவர் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே ‘ஏதேனும் தகவல் உண்டா’ என்று எழுதாதீர்கள். அதற்கு அவரிடமும் பதில் இல்லை.

அழைப்புக்கு வந்த மின்னஞ்சலுக்கே பதிலாக எழுதுங்கள். உதவியாளரையும் நகலில் சேருங்கள். அவர் அப்படியே மேலே அனுப்பக்கூடியதாக, ஒரு திரைக்குள் அடங்கட்டும்: 12,000 ஆங்கிலச் சொல், சொல்லுக்கு 2.50 ரூபாய், மொத்தம் 30,000, ஒரு முறை திருத்தம் இதில் அடங்கும், கோப்பு கிடைத்த பத்து வேலைநாளில் முடியும், முன்பணம் இவ்வளவு. ‘ஆங்கிலச் சொல்’ என்பதை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது தமிழில் ‘வீட்டில்’ என்று ஒன்றாக முடிவதால், எந்த மொழியில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துத் தொகையே மாறிவிடும். அவர்கள் கணக்கும் உங்கள் கணக்கும் வேறாக இருப்பதாலேயே பேச்சு நின்றிருக்கலாம்.

கடைசியில் ஒரே கேள்வி: ‘உறைகள் அச்சுக்குப் போகும் தேதி எது?’ இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியும். தீபாவளி நெருங்குவதை அவர்களுக்கு நினைவூட்டவும் செய்யும். நான்கு வேலைநாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால், அந்த நாட்களை வேறு வேலைக்கு ஒதுக்குவதாக ஒரு கடைசி மடல் எழுதிவிட்டு நகருங்கள். கேட்காமலே தள்ளுபடி தர வேண்டாம். முதலில் சொன்ன விலையிலேயே சந்தேகம் வந்துவிடும்.

முலுண்ட் வடிவமைப்பாளர்:
தள்ளுபடி விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. முதல் வாடிக்கையாளரைப் பிடிக்கும் வரை விலை பார்க்கக் கூடாது.

செம்பூர் புதுவரவு:
நேற்றுக் காலை அனுப்பினேன். மாலையில் உதவியாளர் எழுதினார்: அச்சு 28-ஆம் தேதி, தொகை மேலே போயிருக்கிறது, 25,000-க்கு முடியுமா என்று கேட்கிறார்கள். முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஒப்புக்கொள்ளவா?

மாட்டுங்கா பழையவர்:
ஒப்புக்கொள்ளுங்கள் அம்மா, வாடகை இருக்கிறது.

கொள்முதல் மேசைக்காரி:
விலையைத் தொடாமல் வேலையைக் குறையுங்கள். 25,000 ரூபாய்க்கு 10,000 சொல் வரும். உறைகளைக் கட்டாயம் வைத்துக்கொண்டு, சமையற்குறிப்புப் பக்கங்களில் 2,000 சொல்லைப் பின்னால் தள்ளலாமா என்று கேளுங்கள். முன்பணத்தையும் அதே மடலில் கேட்டுவிடுங்கள்.