கலைச்சொல் விவாதம்: எடுத்துவிட்ட காலில் வரும் வலிக்கு என்ன பெயர்?

மாறன்:

வணக்கம். கால் அகற்றப்பட்டவர்கள் வீட்டில் வைத்துப் படிக்க ஒரு கையேடு தயாராகிறது. ஆங்கிலத்தில் 'ஃபேன்டம் லிம்ப் பெயின்' எனப்படுவதற்கு எங்கள் வரைவில் 'மாய வலி' என்று போட்டிருந்தோம். முன்னோட்டமாகப் படித்த ஒருவர், "அப்படியானால் என் வலி பொய்யா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அச்சொல்லை வைத்திருக்க மனம் வரவில்லை. 'பேயுறுப்பு வலி' என்று ஒரு பழைய பட்டியலில் பார்த்தேன், அது அதைவிட மோசம். நோயாளிக்கும் செவிலியருக்கும் ஒருசேர விளங்கும் சொல் வேண்டும்.

இளங்கோ:

அன்பின் மாறன், 'நினைவு வலி' என்று வைக்கலாம். கால் போய்விட்டது, ஆனால் மூளையில் அதற்கான வரைபடம் அப்படியே இருக்கிறது. அந்த இடத்துக்குச் செய்தி எதுவும் வராததால் பக்கத்துப் பகுதிகள் அதை ஆக்கிரமிக்கின்றன, குழப்பம் வலியாகிறது. எடுப்பதற்கு முன்னால் காலில் புண் இருந்தவருக்குப் பிறகும் அதே இடத்தில் அதே வலி வருவதுண்டு. இது முழுக்க மூளையின் வேலை என்பதால் 'நினைவு' பொருந்தும். நல்ல காலின் பிம்பத்தை இழந்த காலாகப் பார்க்க வைக்கும் கண்ணாடி சிகிச்சை பலன் தருவதும் அதனால்தான்.

தேவகி:

வணக்கம். இளங்கோ சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை விட்டால் சொல்லும் தவறும், சிகிச்சையும் தவறும்.

நரம்பை வெட்டினால் அது செத்துப்போவதில்லை. வெட்டுண்ட முனை மீண்டும் வளரப் பார்க்கிறது. போய்ச் சேர இடம் இல்லாததால் முடிச்சுப்போல் சுருண்டு நிற்கிறது. நியூரோமா என்பது இதுதான். அதில் நரம்புத் துடிப்பைக் கிளப்பும் சோடியம் வாயில்கள் அளவுக்கு மீறிச் சேர்வதால், யாரும் தொடாமலே அது துடிப்புகளை அனுப்புகிறது. முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பணு முடிச்சுகளும் அப்படியே தாமாகத் துடிக்கத் தொடங்குகின்றன. மூளைக்கு இந்த நரம்பு இன்றைக்கும் கட்டைவிரலின் நரம்புதான். ஆகவே வலி கட்டைவிரலில் தெரிகிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், கால் இழந்தவர்களுக்கு முதுகெலும்பை ஒட்டிய அந்த முடிச்சுகளின் அருகே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தியபோது, மருந்து வேலை செய்த நேரம் மட்டும் வலி அடங்கியது. எல்லாம் மூளையில்தான் என்றால் இது நடக்காது.

வரைபட ஆக்கிரமிப்பை 1995-இல் கை இழந்தவர்களிடம் கண்டார்கள். ஆக்கிரமிப்பு கூடக்கூட வலியும் கூடியது. 2013-இல் இன்னொரு குழு, வலி மிகுந்தவர்களிடம் இழந்த கையின் வரைபடம் கலையாமல் நிலைத்திருப்பதைக் காட்டியது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. இன்னொன்று: பிறவியிலேயே உறுப்பு இல்லாத சிலருக்கும் அந்த உறுப்பு இருப்பதுபோன்ற உணர்வு உண்டு. அவர்களுக்கு அது எதன் நினைவு? அதனால் 'நினைவு வலி' வேண்டாம்.

ரஹீம்:

நான் சொல் ஆராய்ச்சிக்கு வரவில்லை, மன்னிக்கவும். என் அண்ணனுக்கு மூன்று மாதம் முன்பு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். செயற்கைக் கால் போட்டு நடந்தால் முனையில் குத்துகிறது, கழற்றினால் சிவந்திருக்கிறது. இரவில் வேறு, விரல்கள் மடங்கி நகம் பாதத்தில் பதிவதுபோல் வலிக்கிறது என்கிறார். நீங்கள் பேசுவது இந்த வலிதானே? கண்ணாடி வாங்கி வைத்தால் இரண்டும் போய்விடுமா?

தேவகி:

ரஹீம், மன்னிப்பு எதற்கு? சொல்லை ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பதை உங்கள் கேள்வியே காட்டுகிறது. அண்ணனுக்கு இருப்பவை இரண்டு வலிகள்.

நடக்கும்போது குத்துவது மிச்சமிருக்கும் காலின் வலி. முதல் சில மாதங்களில் அந்தக் கால் வற்றிச் சிறுத்துக்கொண்டே போகும். செயற்கைக் காலின் கிண்ணம் அதே அளவில் இருப்பதால் கால் உள்ளே அதிகமாக இறங்கி, முனை அடியில் போய் இடிக்கும். முதலில் மிச்சக்காலுக்குப் போடும் ஸ்டம்ப் உறையை ஒன்று கூட்டிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் சிவப்பு மங்கினால் பெரிதாகக் கவலையில்லை. மங்காவிட்டாலோ, தோல் உரிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ அதை மாட்டாமல் செயற்கைக் கால் செய்பவரிடம் கிண்ணத்தைச் சரிசெய்யக் கொடுங்கள். கண்ணாடி இதற்கு ஒன்றும் செய்யாது.

இரவில் விரல் மடங்குவதுதான் இங்கே பெயர் தேடும் வலி. இதற்குக் கண்ணாடியை முயலலாம். ஆனால் முன்னதாக ஒன்று பார்க்க வேண்டும். மிச்சக்காலின் முனையில் விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் தட்டியதும் இல்லாத விரல்களுக்கு மின்சாரம் பாய்ந்தால் அங்கே நியூரோமா இருக்கக்கூடும். மருத்துவர் அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி தற்காலிகமாக நிற்கிறதா என்று சோதிப்பார். நின்றால் வைத்தியம் அந்த முனையிலிருந்து தொடங்கும்.

இளங்கோ:

'நினைவு' பற்றி ஏற்கிறேன். ஆனால் கண்ணாடியை எப்படி வைப்பது என்று யாரும் எழுதுவதில்லை. கையேட்டில் அதுவும் வர வேண்டாமா?

தேவகி:

வரட்டும், அதற்குத் தகுந்தபடி எழுதுகிறேன்.

இடுப்பிலிருந்து பாதம் வரை முழுதும் தெரிகிற கண்ணாடி வேண்டும், சுமார் நான்கு அடி நீளம். உடையாத அக்ரிலிக் கண்ணாடி நல்லது. படுக்கையில் முதுகுக்கு அணை கொடுத்துக் கால் நீட்டி உட்கார்ந்து, இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். பளபளப்பான பக்கம் நல்ல காலை நோக்க, மிச்சக்கால் கண்ணாடிக்குப் பின்னால் முழுதாக மறைந்திருக்க வேண்டும். செயற்கைக் கால், காலுறை, காலில் அணிந்தவை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பிம்பத்தில் தெரிவது 'என் கால்தான்' என்ற உணர்வு வந்தால்தான் வேலை நடக்கும். ஒரு மோதிரம் தப்பான விரலில் தெரிந்தாலும் அந்த உணர்வு கலைந்துவிடும்.

அண்ணனுடையதுபோல் விரல்கள் மடங்கிக் கிடந்தால், எடுத்த எடுப்பில் விரல்களை விரிக்கச் சொல்லக்கூடாது. முதலில் நல்ல காலின் விரல்களையும் அதே அளவு மடக்கி, இரண்டும் ஒரே நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக விரிக்க வேண்டும், இழந்த காலும் கூடவே விரிவதாக முயன்றபடி. அதன் பின் பாதத்தை மேலும் கீழும், உள்ளும் வெளியும் அசைக்கலாம். நாளுக்குப் பதினைந்து நிமிடம், நான்கு வாரம்.

2007-இல் நடந்த ஒரு சோதனையில் இதே அளவுதான் வைத்தார்கள். 22 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முடித்தவர்கள் 18 பேர், குழுவுக்கு ஆறு. கண்ணாடியைப் பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. கண்ணாடியை மூடி வைத்த குழுவில் ஒருவருக்கு மட்டும் குறைந்தது. அசைவதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களில் நால்வருக்கு வலி கூடியது. ஆனால் எண்ணிக்கை மிகச் சிறியது. பின்னர் நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. முழு காலைப் பிம்பத்தில் பார்த்ததும் துக்கம் பொங்கிய இருவர் அதே சோதனையில் உண்டு. அப்படி அழுகை வந்தாலோ, தலைசுற்றினாலோ, பிடிப்பு இறுகினாலோ அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு தொடரக்கூடாது.

இழந்த பாதம் முழங்காலை ஒட்டிச் சுருங்கி நிற்பதாகச் சிலர் உணர்வார்கள். அவர்களுக்குக் கண்ணாடி பெரும்பாலும் ஒத்துவருவதில்லை, பிம்பத்தின் பாதம் நிற்கும் இடம் அவர்கள் உணரும் இடம் அல்ல. இரண்டு காலும் இல்லாதவர்களுக்கு வேறொருவரின் காலசைவைப் பார்க்க வைக்கும் முறை உண்டு.

கந்தையா:

அன்பர்களே, சொல்லுக்கு வருகிறேன். 1871-இல் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வீர் மிட்செல், போரில் உறுப்பிழந்தவர்களைப் பார்த்து ஆங்கிலச் சொல்லை வைத்தபோது ஆவியைத்தான் மனத்தில் கொண்டார். அந்த உருவகம் நமக்குத் தேவையில்லை.

'இல்லாக்கால் வலி' என்று எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் பழந்தமிழில் 'இல்லாக்கால்' என்றால் 'இல்லாவிட்டால்'. 'அறுகால் வலி' என்றால் ஆறு கால் கொண்ட வண்டுக்கு வலி என்றாகிவிடும். 'நீங்குறுப்பு வலி' வினைத்தொகை, ஓசையும் நன்று. ஆனால் முக்காலத்தையும் தாங்கும் தொகை அது; 'நீங்கப்போகும் உறுப்பு' என்றும் விரியும். இருக்கிற காலையும் காப்பாற்றப் போராடுகிறவரிடம் அந்தச் சொல்லை நீட்ட மாட்டேன். ஆகவே 'இழந்த கால் வலி', பொதுவாக 'இழந்த உறுப்பு வலி'. இறந்தகாலப் பெயரெச்சம், ஐயமில்லை. இழந்தது உறுப்பு, இருப்பது வலி.

மாறன்:

ஐயா, நன்றி. ஸ்டம்புக்கு 'எச்சக்கால்' என்று வைத்திருந்தோம்.

ரஹீம்:

'எச்சம்' என்றால் எங்கள் வீட்டில் காக்கை போடுவது. அண்ணன் 'மீதிக்கால்' என்றுதான் சொல்கிறார்.

கந்தையா:

'எச்சம்' இலக்கணத்தில் மதிப்புள்ள சொல், விட மனமில்லை. நோயாளி கையேட்டுக்கு 'மீதிக்கால்' இருக்கட்டும். பாடநூலுக்கு நான் இன்னும் வாதிடுவேன்.

தேவகி:

எனக்கு மூன்று பெயர்கள் போதும்: 'இழந்த கால் வலி', 'மீதிக்கால் வலி', வலியில்லாமல் கால் இருப்பதுபோல் தோன்றுவதற்கு 'இழந்த கால் உணர்வு'. மூன்றாவதற்குச் சிகிச்சை தேவையில்லை என்று கையேடு ஒரு வரியில் சொன்னாலே பலர் தூங்குவார்கள். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம்: மீதிக்காலை அழுத்தினால் இழந்த காலில் வலி எழும் என்றேனே, அதை எந்தப் பெயரில் போடுவது? எனக்கே தெளிவில்லை.

மருந்தையும் கேட்பார்கள். நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின் சிறு சோதனைகளில் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளே தந்திருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். நீரிழிவால் கால் போனவர்களில் பலர் அப்படித்தான். மயக்கம் தந்தால் ஒற்றைக் காலில் இரவில் எழுந்து விழுவார்கள், ஆகவே தொடங்கும் வாரம் துணை வேண்டும். திடீரென நிறுத்தவும் கூடாது. அறுவையில், வெட்டிய நரம்பைத் தசைக்குள் புதைப்பதற்குப் பதிலாகப் பக்கத்துத் தசையை இயக்கும் நரம்புக்கிளையோடு இணைத்துவிடும் முறை உண்டு. நரம்புக்குப் போய்ச் சேர ஓர் இடம் கிடைக்கிறது. 28 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான சோதனையில், புதைத்தவர்களைவிட இணைத்தவர்களுக்கு இழந்த உறுப்பு வலி குறைவாக இருந்தது. காலை எடுக்கும்போதே இதைச் செய்ய முடியும் என்பதால், அறுவைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

ரஹீம், அண்ணனுக்குக் காய்ச்சலோ, முனையில் சீழோ, புது வீக்கமோ வந்தால் இந்தப் பெயர் எதுவும் பொருந்தாது. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஆண்டுகள் கழித்து அடங்கிய வலி திடீரென எழுந்தாலும் அப்படியே. முதுகெலும்பில் நரம்பு நசுங்கியும் அது வரலாம்.

மாறன்:

'இழந்த கால் வலி', 'மீதிக்கால் வலி' இரண்டையும் வரைவில் ஏற்றிவிட்டேன். அழுத்தினால் எழுவதற்கு இடம் காலியாக விட்டிருக்கிறேன்.