செப்டிக் டேங்க் மறுபடி வழிகிறது, ஓனரிடம் என்ன செய்யச் சொல்வது?

இரண்டு மாடி வீட்டில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஆறு நாளாக வீடு முழுக்கச் சாக்கடை நாற்றம். மேல்வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போதெல்லாம் எங்கள் பாத்ரூம் தரைக் குழாயில் குபுகுபுவென்று குமிழி வந்து, பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் ஏறுகிறது. நேற்று குழந்தையின் செருப்பு அதில் மிதந்தது.

முதலில் அடைப்பு என்று நினைத்து அடைப்பு நீக்கும் பவுடர் போட்டேன். அப்புறம் பிளம்பர் நீளக் கம்பி விட்டுப் பார்த்தார். கம்பி தடையில்லாமல் டேங்க் வரை போனது. அதனால் வீட்டுக் குழாயில் கோளாறு இல்லை.

டேங்க்கை லாரி வைத்து எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது. "அதற்குள் எப்படி நிறையும்?" என்கிறார் ஓனர். வெளிக்குழாய் மட்டம் வரை சில நாளிலேயே நிறைவது இயல்புதான், அது எனக்கும் தெரியும். ஆனால் பிளம்பர் மூடியைத் திறந்து, விஷவாயுவுக்குப் பயந்து தள்ளி நின்று டார்ச் அடித்தபோது, வெளிக்குழாயின் வாயே தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. அந்தக் குழாய்த் தண்ணீர் போய்ச் சேரும் உறிஞ்சுகுழியின் மூடி சிமெண்டால் பூசப்பட்டிருப்பதால் அதைத் திறக்க முடியவில்லை. மழையும் இல்லை.

ஓனர் மறுபடி லாரி மட்டும் அனுப்பப் பார்க்கிறார். எடுத்தாலும் சில வாரத்தில் இதே நிலைதான் வரும் என்று பயமாக இருக்கிறது. லாரி வரும் அன்றே உறிஞ்சுகுழியை உடைத்துத் திறந்து, கோளாறு இடைக்குழாயிலா குழியிலா என்று பார்க்கச் சொல்லி வற்புறுத்துவது சரிதானா?