பனியன் கம்பெனியில் உள்ளகப் புகார் குழு: தலைவராக யாரைப் போடுவது?

கணக்குப்பிள்ளை_திருப்பூர்

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கும் ஆள் கணக்கும் சேர்த்துப் பார்க்கிறேன். ஹெச்ஆர் என்று தனியாக யாரும் கிடையாது, எல்லாம் நான்தான். அனுப்பர்பாளையம் யூனிட்டில் 38 பேர், பெருமாநல்லூரில் பேக்கிங் மட்டும் நடக்கும் சின்ன யூனிட்டில் 14 பேர். பையர் ஆடிட் அடுத்த மாதம் வருகிறது, "பாலியல் துன்புறுத்தல் புகார் குழு அமைத்த உத்தரவைக் காட்டுங்கள்" என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். பழைய ஃபைலில் ஒரு தாள் இருக்கிறது, அதில் நாலு பேர் கையெழுத்து, அதில் ரெண்டு பேர் வேலையை விட்டுப் போயே ரொம்ப நாளாகிறது.

இப்போது பிரச்சினை இதுதான். தலைவர் மூத்த பொறுப்பில் இருக்கிற பெண்ணாக இருக்க வேண்டுமாம். மெயின் யூனிட்டில் பெண்கள் எல்லாம் டைலர், செக்கிங், கைமடி ஆட்கள். மூத்தவர் என்றால் முதலாளியின் தங்கை, பர்ச்சேஸ் பார்க்கிறார், ஒருத்தர்தான். அவரைப் போடலாமா? வெளியாள் ஒருவர் வேண்டும் என்கிறார்கள், எங்கள் கம்பெனி வக்கீலையே போட்டுவிடலாமா? முதலாளி "ஏதாவது நாலு பேர் எழுதி ஒட்டிவிடு" என்கிறார்.

மெர்ச்சண்டைசர்_குமார்

10 பெண்களுக்கு மேல் இருந்தால்தான் இந்தக் குழு கட்டாயம், அதற்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். உங்கள் பெருமாநல்லூர் யூனிட்டுக்குத் தேவையே இல்லை என்று நினைக்கிறேன். அப்புறம், வக்கீலைக் குழுவில் போடவே கூடாது, சட்டத்திலேயே இருக்கிறது. தலைவர் கண்டிப்பாகப் பெண்தான், அது மட்டும் உறுதி.

சட்டம்_சுமதி

குமார் சார் சொன்னதில் கடைசி வரி மட்டும் சரி. 2013 சட்டத்தில் எண்ணிக்கை பெண்களைப் பார்த்து இல்லை, மொத்த ஆட்களைப் பார்த்து. ஆண், பெண், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பயிற்சிக்கு வந்தவர் எல்லாரும் கணக்கில் வருவார்கள். 10 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த இடத்துக்கு மாவட்டத்தின் லோக்கல் கமிட்டி இருக்கிறது, அதற்கு மேல் என்றால் உள்ளே குழு. அதனால் 14 பேர் இருக்கிற பேக்கிங் யூனிட்டுக்கும் வேண்டும். ரெண்டும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவு.

வக்கீல் விஷயத்தில் ரெண்டு சமாச்சாரம் கலந்துவிட்டது. விசாரணையில் புகார் கொடுத்தவரோ எதிர்த்தரப்போ தனக்காக வக்கீலைக் கூட்டி வரக் கூடாது. அதற்காக வெளியாள் உறுப்பினராக வக்கீல் வரக் கூடாது என்று அர்த்தம் இல்லை. பெண்கள் பிரச்சினைக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்து ஆள், இல்லையென்றால் இந்த விஷயம் தெரிந்தவர் என்பதுதான் தகுதி. சமூகப் பணியில் குறைந்தது 5 வருட அனுபவம் உள்ளவர், தொழிலாளர் சட்டமோ சிவில், கிரிமினல் சட்டமோ தெரிந்தவர் எல்லாம் இதில் அடக்கம். அவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் மொத்தக் குழுவில் பாதிப் பேராவது பெண்கள் வேண்டும்.

ஆனால் உங்கள் கம்பெனி வக்கீலை மட்டும் வேண்டாம். மாதா மாதம் உங்களிடம் ஃபீஸ் வாங்குகிறவர் நாளைக்குச் சூப்பர்வைசர் மேல் புகார் வந்தால் வெளியாள் என்று எந்த டைலர் நம்புவார்? சட்டம் வெளிப்படையாகத் தடுக்காவிட்டாலும், குழு நடுநிலையாக இல்லை என்று அப்பீலில் முதலில் கிளப்பப்போவது இதைத்தான். தொண்டு நிறுவனத்திலிருந்து வருகிறவருக்கு விதிப்படி ஒரு நாள் படி 200 ரூபாயும் பயணச் செலவும். அந்தக் காசுக்கு யாரும் வர மாட்டார்கள் என்பது ஊரறிந்தது, மேலே பேசிக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை_திருப்பூர்

ரொம்ப நன்றி மேடம். அப்போ தலைவர்?

சட்டம்_சுமதி

அந்த இடத்தில் மூத்த பெண் இல்லை என்றால் உங்கள் வேறு யூனிட்டிலிருந்து கொண்டுவரலாம். அங்கேயும் இல்லை என்றால் வேறு நிறுவனத்திலிருந்து கூட. பெருமாநல்லூரில் யாராவது இருக்கிறார்களா?

கணக்குப்பிள்ளை_திருப்பூர்

குவாலிட்டி இன்சார்ஜ் ஒரு அக்கா இருக்கிறார். பல வருட சர்வீஸ். முதலாளியிடமே "இந்த லாட் போகாது" என்று சொல்லி நிறுத்திவைப்பார்.

சட்டம்_சுமதி

அவரையே போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். ரெண்டு குழுவுக்கும் அவரே தலைவராக இருக்கலாம், வெளியாளும் ரெண்டுக்கும் ஒருவரே போதும். ஊழியர் உறுப்பினர்களை மட்டும் அந்தந்த யூனிட்டிலிருந்து எடுங்கள்.

குறைந்தபட்சம் நாலு பேர் என்பார்கள்: தலைவர், ரெண்டு ஊழியர், ஒரு வெளியாள். நான் அதோடு நிறுத்த மாட்டேன். விசாரணை உட்கார குறைந்தது மூன்று பேர் வேண்டும், அதில் தலைவர் கட்டாயம் இருக்க வேண்டும். மெயின் யூனிட்டில் லைன் சூப்பர்வைசர் ஒருவரை உறுப்பினராகப் போடுகிறீர்கள் என்று வையுங்கள், புகார் அவர் மேலேயே வருகிறது. அவர் விலகியதும் மிச்சம் மூன்று பேர். அதில் டைலர் அக்கா ஊருக்குப் போய்விட்டார் என்றால் ரெண்டு பேர், விசாரணை நின்றது. அதனால் ஊழியர் மூன்று பேராக எடுங்கள், அதில் ரெண்டு பேர் பெண்கள், அதிலும் ஒருவர் தையல் லைனிலிருந்து. அத்தனை பேரையும் ஆபீஸிலிருந்தே எடுத்தால் கைமடி பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

உத்தரவில் பெயர், பதவி, போன் நம்பர், எந்த யூனிட், எந்தத் தேதியிலிருந்து எல்லாம் இருக்கட்டும். பதவிக் காலம் அதிகபட்சம் 3 வருடம். உங்கள் பழைய தாள் போல ஆள் போன பிறகும் பெயர் தொங்கினால் குழு இருந்தும் இல்லாத மாதிரிதான். யாராவது விலகிய அன்றே மாற்று உத்தரவு போடுங்கள்.

யூனிட்_ஓனர்_செந்தில்

தங்கையைப் போடக் கூடாது என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? எங்கள் யூனிட்டில் என் மனைவிதான் தலைவர், போன வருடம் ஆடிட்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சின்னக் கம்பெனியில் நம்பிக்கையான ஆள் வீட்டு ஆள்தான். வெளியாட்களை உள்ளே விட்டால் ஊர் முழுக்கக் கதை பரவும்.

சட்டம்_சுமதி

செந்தில் சார், ஆடிட்காரர் தாளைப் பார்க்கிறார், விசாரணையைப் பார்ப்பதில்லை. உங்கள் மனைவி சம்பளம் வாங்கும் ஊழியரா, பங்குதாரரா? பங்குதாரர் என்றால் அவர் முதலாளி பக்கம், ஊழியரிலிருந்து தலைவர் என்ற விதிக்கே பொருந்தாது. ஊழியர் என்றாலும், புகார் உங்கள் மேல் வந்தால் அது உங்கள் குழுவுக்கு வரவே வராது, நேராக லோக்கல் கமிட்டிக்குப் போகும். உங்கள் தம்பி புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து அவர் மேல் வந்தால்? அண்ணி விசாரிப்பாரா? கதை பரவும் என்று பயந்தால், பெயர் விவரங்களை வெளியே சொல்வது சட்டப்படியே தடை, சொன்னவருக்கு 5000 ரூபாய் அபராதமும் உண்டு. அது வெளியாளுக்கும் சேர்த்துத்தான்.

யூனிட்_ஓனர்_செந்தில்

நீங்கள் சொல்வது பெரிய கம்பெனிக்குச் சரி. நான் மாற்றுவதாக இல்லை.

மாலை_ஷிஃப்ட்

நான் வேறு ஊர், ஐடி வேலை. எங்கள் இடத்தில் குழு பக்காவாக இருந்தது, சுவரில் லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்கள். நான் புகார் கொடுத்ததும் முதல் கூட்டத்திலேயே அவனையும் என்னையும் ஒரே அறையில் உட்காரவைத்து "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். நான் கேட்கவே இல்லை. அப்புறம் என் டீமை மட்டும் மாற்றினார்கள். தயவுசெய்து உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள், ஆள் பட்டியல் போட்டால் வேலை முடியாது.

சட்டம்_சுமதி

சமரசம் என்பது விசாரணைக்கு முன்னால், புகார் கொடுத்த பெண்ணே கேட்டால் மட்டும்தான். அதிலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ 3 மாதம் வரை லீவோ வேண்டும் என்று பெண் எழுத்தில் கேட்டால் குழு பரிந்துரைக்கலாம், எதிர்த்தரப்பை மாற்றவும் வழி உண்டு. உங்களைக் கேட்காமல் உங்களையே மாற்றியது தண்டனை மாதிரிதான் ஆகிவிட்டது.

கணக்குப்பிள்ளை_திருப்பூர்

மேடம், புகார் வந்தால் நாள் கணக்கு எப்படி? எங்கள் அக்கா பயப்படுகிறார், "நான் என்ன ஜட்ஜா" என்கிறார்.

சட்டம்_சுமதி

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜூன் 2 திங்கள்கிழமை ஒரு செக்கிங் பெண் எழுத்தில் புகார் தருகிறார். எழுதத் தெரியாவிட்டால் குழுவே எழுத உதவ வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், காரணம் சரியென்றால் குழு இன்னும் 3 மாதம் நீட்டலாம். புகாரின் ஒரு நகலை 7 வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும், ஞாயிறு மட்டும் லீவு என்றால் ஜூன் 10. அவர் பதில் தர 10 வேலை நாள், ஜூன் 21. பிறகு இரு தரப்பையும் தனித்தனியாகக் கேட்பது, சாட்சிகள், ஷிஃப்ட் ரிஜிஸ்டர், கேமரா இருந்தால் பதிவு. கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும், புகார் வந்த அன்றே எடுத்துவைக்கச் சொல்லுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அதாவது ஆகஸ்ட் 31. அறிக்கை அடுத்த 10 நாளில் முதலாளிக்கும் இரு தரப்புக்கும். முதலாளி 60 நாளில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள்: நிரூபிக்க முடியவில்லை என்பதும் பொய்ப் புகார் என்பதும் ஒன்றல்ல. சாட்சி இல்லாத புகாரைப் பொய் என்று எழுதிவிடக் கூடாது.

மெர்ச்சண்டைசர்_குமார்

போர்டு தமிழில் வைத்தால் போதுமா? எங்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசா.

சட்டம்_சுமதி

ஒடியாவிலும் ஹிந்தியிலும் வையுங்கள். சாப்பிடும் இடம், பெண்கள் கழிப்பறைப் பக்கம் ஒட்டினால்தான் கண்ணில் படும், முதலாளி அறைக்கு வெளியே ஒட்டி என்ன பயன். வருடம் முடிந்ததும் எத்தனை புகார், எத்தனை முடிந்தது, 90 நாள் தாண்டியது எத்தனை, எத்தனை பயிற்சி வகுப்பு என்று அறிக்கை மாவட்ட அதிகாரிக்குப் போக வேண்டும். புகாரே இல்லை என்றாலும் பூஜ்யம் என்று எழுதி அனுப்புங்கள். shebox.wcd.gov.in தளத்திலும் குழு விவரத்தைப் பதிந்துவிடுங்கள். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் என்பதை உங்கள் முதலாளியிடம் சொன்னால் "ஒட்டிவிடு" என்பது குறையும்.

கணக்குப்பிள்ளை_திருப்பூர்

சொல்லிப் பார்த்தேன், இறங்கி வந்துவிட்டார். ரெண்டு உத்தரவும் டைப் ஆகிறது, தலைவர் குவாலிட்டி அக்கா, வெளியாளாகப் பெண்கள் அமைப்பில் இருக்கும் ஒரு மேடம் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம். ஆட்களை ஏற்றிவரும் வேன் எங்களுடையது அல்ல, டிரைவர் வேன்காரரிடம் சம்பளம் வாங்குகிறார். அவர் மேல் புகார் வந்தால் எங்கள் குழு விசாரிக்கலாமா?

சட்டம்_சுமதி

கம்பெனி ஏற்பாட்டில் வரும் வண்டியும் வேலையிடம்தான், அதனால் புகாரை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பெண் போலீஸுக்குப் போக விரும்பினால் உதவுவதும் கம்பெனியின் கடமை. ஆனால் உங்களிடம் சம்பளம் வாங்காதவர் மேல் குழு பரிந்துரைத்தால் அதை யார் நிறைவேற்றுவது என்பதில்தான் சிக்கல். வேன் ஒப்பந்தத்தில் "குழு சொன்னால் டிரைவரை மாற்ற வேண்டும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். அது போதுமா என்று லேபர் கேஸ் பார்க்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.