கஞ்சாவை நிறுத்திய தம்பிக்கு நித்திரை எப்போது திரும்பும்?

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 24 வயது. சில ஆண்டுகளாகக் காலை எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை கஞ்சா புகைத்தவன், ஒரே நாளில் தானாகவே நிறுத்திவிட்டான். இப்போது மூன்றாவது வாரம்.

மறுநாளே எரிச்சலும் பதற்றமும் தொடங்கின. முதல் வாரம்தான் கொடுமை. சோற்றைக் கண்டாலே குமட்டல், மின்விசிறிக்குக் கீழேயும் தலையணை நனையும் வியர்வை, சின்னச் சொல்லுக்கும் அம்மாவுடன் சண்டை. இரண்டாவது வார முடிவில் பசி திரும்பியது, கோபமும் தணிந்தது. நித்திரைதான் இன்னும் வரவில்லை. விடியற்காலையில் கண்ணயர்ந்தாலும் பயங்கரக் கனவில் அலறி எழுகிறான்.

வைத்தியரிடம் காட்டினோம். கனவு காணும் நித்திரையைக் கஞ்சா இத்தனை காலம் அடக்கி வைத்திருந்தது, நிறுத்தியதும் அது மிகையாகத் திரும்புகிறது என்றார். மற்றவை பெரும்பாலும் இரண்டு வாரங்களில் அடங்கும், நித்திரைக் குழப்பம் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலும் நீளலாமாம். பழக்கமாகிவிடும் என்பதால் நித்திரைக் குளிசை தரவில்லை. தற்கொலை எண்ணமோ, இல்லாத குரல் கேட்பதோ இருந்தால் உடனே அழைத்துவரச் சொன்னார். அப்படி எதுவும் இல்லை.

மதியத்துக்குப் பிறகு தேநீர் கொடுப்பதில்லை, பகலில் படுக்க விடுவதில்லை, மாலையில் கடற்கரையோரம் நடக்கிறோம். பெரிய மாற்றமில்லை. “ஒரு தடவை இழுத்தால் நித்திரை வந்துவிடும், அக்கா” என்று நேற்றிரவு கெஞ்சினான். அது உண்மை என்பதுதான் எனக்குப் பயம்.

இப்படி நாள் முழுவதும் புகைத்து நிறுத்தியவர்களோ அவர்களின் வீட்டாரோ இங்கே இருந்தால் சொல்லுங்கள்: உங்களுக்கு நித்திரை சீராக எத்தனை வாரம் எடுத்தது?