விளக்கு அணையும் காட்சி

குகை மருமகள்:
எங்க தெருப் பிள்ளைங்க நடிக்க அஞ்சு நிமிஷ நாடகம் எழுதினேன். அம்மாயி பேத்திக்கு அந்தி விளக்கு ஏத்தக் கத்துக்கொடுக்குது, அவ்வளவுதான் கதை. முதல் குச்சியிலேயே எரிஞ்சிட்டா கத்துக்க என்ன இருக்குது? அதனால அணைய வச்சேன்.

(பேத்தி காய்ந்த திரியை அகலில் போட்டு, எண்ணெய் ஊற்றிய கையோடு பற்றவைக்கிறாள். நுனி கருகி, புகைந்து அணைகிறது.)
பேத்தி: எண்ணெய் தளும்புதே அம்மாயி!
அம்மாயி: அகல்ல இருக்குது. திரி குடிச்சுதா?
(அம்மாயி புதுத் திரியை எண்ணெயில் முக்கிப் புரட்டுகிறாள். நுனியை மட்டும் பிழிந்து முறுக்கி, விளிம்புக்கு வெளியே நெல்லளவு நீட்டி வைக்கிறாள்.)
அம்மாயி: இப்ப ஏத்து சாமி.

உங்க வீட்டுல எப்படி?

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
புகையறது எண்ணெயாலதாங்க. இப்ப வர்றதெல்லாம் கலப்படம். நெய் ஊத்தச் சொல்லுங்க, புகையே வராது.

ஏற்காடு ஆயா வீட்டுப் பேரன்:
நெய்யா? எங்க ஊர்ல மார்கழியில கட்டியா உறைஞ்சு கிடக்கும், திரி எதைக் குடிக்கும்? பனி இறங்குனா தீப்பெட்டியும் நமுத்துப் போயிரும். ஆயா அடுப்பு மேட்டுலதான் வச்சிருக்கும். ஆமா, அகல் எந்தக் கடையில வாங்குனீங்க?

பழைய நாடகக்காரர்:
மட்டமான எண்ணெய் புகையும், மறுக்கல. ஆனா திரி நீளமா நீட்டியிருந்தா சுத்தமான நல்லெண்ணெயும் புகையும். கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டா அடங்கும். மேடையில உங்க சிக்கல் வேற: ரெண்டாவது திரி கட்டாயம் பத்திக்கணும். அதை முன்கூட்டியே எண்ணெயில ஊறப்போட்டு, நுனியில துளி சூடம் நுணுக்கித் தடவுங்க. விசேஷ வீட்டுல குத்துவிளக்குக்குச் செய்யறதுதான். காத்தாடியை நிறுத்துங்க. பாவாடை பருத்தியா இருக்கட்டும், பட்டு மாதிரி மினுங்குற பாலியெஸ்டர் தீ பட்டா உருகி ஒட்டிக்கும். ஒத்தை அகல் வெளிச்சத்துல மூணாவது வரிசைக்கு மூஞ்சி தெரியாது. திண்ணைக்குப் பின்னால ஒரு மஞ்சள் பல்பை மறைச்சு வச்சு, திரி பத்தினதும் போடுங்க. திரிக்கு முன்னாடி பல்பு எரிஞ்சா சனம் சிரிச்சிரும்.

குகை மருமகள்:
சூடம் எனக்குத் தோணவே இல்லைங்க. இன்னொண்ணு. பேத்தியா நடிக்கிற பிள்ளை இடது கைக்காரி. "சோத்துக் கையால ஏத்து"ன்னு அம்மாயி சொல்லணுமா, விட்டுரலாமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:
சொல்லாம? சாமி காரியமாச்சே.

பழைய நாடகக்காரர்:
சொல்லட்டும். பிள்ளை வலது கையால உரசி ரெண்டு குச்சியை ஒடிக்கட்டும். மூணாவதை இடது கையால பத்தவைக்கும்போது அம்மாயி வாசலைப் பார்த்துக்கிட்டு நிக்கட்டும்.

ஏற்காடு ஆயா வீட்டுப் பேரன்:
எங்க ஆயா வாசலை எல்லாம் பார்க்காதுங்க. ரெண்டாவது குச்சிக்கே தீப்பெட்டியைப் புடுங்கியிருக்கும்.